மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

மயக்க மருந்து டாக்டருக்கு அந்த ஆஸ்பத்திரியில் 'ஒரு நிமிஷம்' என்று பட்டப்பெயர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்ய அவருக்கு ஒரு நிமிஷம் போதுமாம். மற்றவர்கள் சொன்னதைவிட அவரே சொல்லிக்கொண்டதுதான் அதிகம்.

சிசேரியனுக்காக மேஜை விளிம்பில் உட்கார்ந்திருந்தவள் அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஸ்கேன் எடுப்பவள். பதினோரு வருஷமாக ஊரார் முதுகெலும்பையெல்லாம் பார்த்தவள். அவளுடைய முதுகைத்தான் அவர் பூசணிக்காய் வாங்க வந்தவர்போலத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு இடுப்பெலும்பு உச்சியையும் சேர்த்து ஒரு கோடு போட்டா இடுப்புப் பக்க முதுகெலும்புல நாலாவது மேல போகும். அதுக்கு மேல இருக்கிற இடைவெளி மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. கண்ணை மூடிக்கிட்டே போடுவேன்!" என்றார்.

கோடு சரிதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அவர் விரல் அழுத்தியது இடுப்பெலும்பை அல்ல, கர்ப்பத்தில் ஏறிய சதையை. எக்ஸ்ரேக்குப் படுக்கவைக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த எலும்பைத் தொட்டுப் பார்த்துத்தான் அவள் இடம் குறிப்பாள். தன் எலும்பின் உச்சி அவர் விரலுக்கு நாலு விரற்கடை கீழே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பேனா சில்லென்று முதுகில் புள்ளி வைத்தது.

மூன்று வருஷத்துக்கு முன் முதுகுவலி வந்தபோது தன் மெஷினிலேயே அவள் படுத்திருக்கிறாள். பெரும்பாலானவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே முடிந்துவிடும். அவளுக்கு இரண்டாவதின் கீழ் விளிம்பு வரை வந்திருந்தது. அதற்குக் கீழே வெறும் நரம்புகள், குதிரை வால் மாதிரி நீரில் மிதப்பவை. ஊசி வந்தால் அவை பெரும்பாலும் விலகிக்கொடுக்கும். தண்டு எங்கே விலகும்?

"சார், புள்ளி மேல இருக்கு. ரெண்டு இடைவெளி மேல."

"படம் பார்க்கிறது வேற, ஊசி போடுறது வேறம்மா. மஞ்சள் தசைநார் கெட்டியா தடுக்கும். அதைத் தாண்டினா எபிடூரல் இடம், கொஞ்சம் கொழுப்பு, ரத்தக்குழாய். அப்புறம் டியூரா சவ்வு டப்னு விடும், தண்ணி சொட்டும். இருபது வருஷமா என் விரலுக்கு இதெல்லாம் மனப்பாடம்."

"எல்லா இடைவெளியிலயும் அதே வரிசைதான் சார், மாடிக்கு மாடி ஒரே மாதிரி. எந்த மாடியில நிக்கிறீங்கன்னு உங்க விரல் சொல்லாதே."

அவள் தோளைப் பிடித்திருந்த நர்ஸ் அக்கா முகமூடிக்குள் இருமினாள்.

"முதுகை வளைம்மா. நேரமாகுது," என்றார் டாக்டர்.

அவள் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதுகு வளைந்தால்தான் எலும்புகளுக்கு நடுவே வழி திறக்கும், அது அவருக்கும் தெரியும். அவளுக்குப் பயம், அப்பட்டமான பயம். கால் போனால் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் நடப்பது? இந்தப் பெருமைக்காரரா?

"மூலையில அல்ட்ராசவுண்ட் நிக்குது. வச்சுப் பாருங்க. அதுவரைக்கும் நான் வளைய மாட்டேன்."

"பேஷன்டெல்லாம் டாக்டராயிட்டா நாங்க எதுக்கு?"

நர்ஸ் அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மெஷினை உருட்டி வந்து அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். வேறு வழியில்லாமல் அவர் கருவியை முதுகில் வைத்தார்.

"அடியில திருவெலும்பு, முதுகெலும்போட கடைசி அகல எலும்பு, நீளமா வெள்ளைக் கோடாத் தெரியும் சார். அங்கேருந்து மேல எண்ணுங்க. மூணாவது இடைவெளிதான் நீங்க தேடுறது."

அவர் எண்ணினார். பேனாப் புள்ளி ஐந்தாவதில் இருந்தது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே, தண்டுவடத்துக்கு நேர் பின்னால். அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"உடம்பு போட்டிருக்குல்ல, அதான். எப்படியும் ஊசியைக் கீழதான் இறக்கியிருப்பேன்," என்றார் பழைய புள்ளியைத் துடைத்துக்கொண்டே. இறக்கியிருப்பாராம்!

புதுப் புள்ளி வைத்தபிறகு அவள் வளைந்தாள். ஊசி இறங்கியது, தெளிந்த நீர் சொட்டியது, கால்கள் சூடாகிப் பின் கனத்தன. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதையும் மறக்காமல் சொல்லிக்காட்டினார் மனுஷர்.

மூன்று மணி நேரம் கழித்து, மகள் பக்கத்தில் தூங்க, அவள் கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் அக்காவிடம் அவருடைய அசட்டு முகத்தை நடித்துக் காட்டிச் சிரித்தாள்.

"பாவம் அக்கா, இத்தனை வருஷமா எத்தனை முதுகுல அந்தப் புள்ளியை வச்சாரோ!"

நர்ஸ் அக்கா சிரிக்கவில்லை. "போன வருஷம் ஒரு பொண்ணு, உன்னை மாதிரியே உடம்பு. ஊசி இறங்கும்போது கால்ல கரண்ட் அடிக்குதுன்னு கத்துச்சு. அசையாதேன்னு அதட்டிட்டு இவர் மருந்தை ஏத்தினார். இன்னும் ஒரு பாதத்தை இழுத்து இழுத்துத்தான் நடக்குது."

"யாரும் ஸ்கேன் எடுக்கச் சொல்லலையா?"

"வலி வந்தப்போ குழந்தையோட தலை இடுப்பு நரம்பை அழுத்திடுச்சுன்னு எழுதி அனுப்பிட்டார்."

"அந்தப் பொண்ணு எதுவும் கேட்கலையா அக்கா?"

"ஊசி போடும்போதே கேட்டுச்சு. நிமிர்ந்து உட்காரவும் பார்த்துச்சு," என்றாள் நர்ஸ் அக்கா. "நான்தான் கழுத்தைப் பிடிச்சு வளைச்சேன்."