ஓல்ட் மேனில் மிஞ்சிய ஒரு சாண்

ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெளிச்சம் பக்கம் திருப்பி வைக்கலாம் என்று சட்டியைப் பிடித்தபோது என் கட்டைவிரல் செடிக்குள் போய்விட்டது. அழுத்தவே இல்லை, பழுத்துப் போன பப்பாளியில் போவதுபோல அதுவாகப் போனது. வெளியே எடுத்தால் விரலெல்லாம் பழுப்புத் தண்ணீர், புளித்த நாற்றம்.

அந்தக் கள்ளிக்கு நர்சரியில் ஓல்ட் மேன் என்றுதான் பேர். உடம்பு முழுக்க வெள்ளை முடி. பதினேழு வருஷத்துக்கு முன்னால், ஊட்டி பெர்ன்ஹில்லில் இந்த நர்சரிக்கு நான் கூலிக்கு வந்த புதிதில், எங்கள் முதலாளி லெஸ்லி ஐயா ஒரு காகிதப் பொட்டலத்தில் கொடுத்த விதையைத் தூவி நான் முளைக்க வைத்தது. முப்பது முளைத்தது, ஒன்று நின்றது. இன்றைக்குச் சட்டியோடு சேர்த்தால் என் இடுப்புக்கு வரும். கள்ளி ஷெட்டில் இருக்கும் நானூறு சட்டிகளுக்கும் நான்தான் பொறுப்பு. அந்த ஷெட்டில் என்னைக் கேட்காமல் ஒருத்தரும் குழாயைத் திறக்க மாட்டார்கள்.

ஐயாவுக்கு இப்போது நடக்க முடியவில்லை. மகளோடு கோயமுத்தூரில் இருக்கிறார். நர்சரியைப் பார்த்துக்கொள்வது அவருடைய தம்பி மகன் ஆஷ்லி. தோட்டக்கலை படித்தவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்து முடிவு சொல்லிவிடுவார், அதுதான் எனக்கு ஆகாது.

வந்தார், பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். "தண்ணி ஜாஸ்தி விட்டிருக்கீங்க இந்துமதி. வேர் அழுகி மேல ஏறிருச்சு. தூக்கிக் குப்பைக் குழியில போடுங்க."

"சார், நான் ஜூன்ல இருந்து இதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி விடலைங்க."

"அப்புறம் எப்படி அழுகும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனை எடுத்து ஐயாவுக்கு மெசேஜ் போட்டார். இங்கிலீஷில் போட்டார். என்ன போட்டேன் என்று அவரே சொன்னார்: செடி செத்துவிட்டது, தண்ணீர் அதிகமாகிவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து கள்ளி ஷெட்டுக்கு வேறு ஆள், இந்துமதி ரோஜாப் பாத்திக்குக் களை எடுக்கப் போகிறாள்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. களை எடுப்பது கேவலமான வேலை இல்லை, அதைத்தான் முதல் நாலு வருஷம் செய்தேன். ஆனால் நான் வளர்த்ததை நானே கொன்றேன் என்ற பேரோடு அங்கே போய்க் குனிய முடியாது.

"குழியில போடறதுக்கு முன்னாடி ஒருதடவை சட்டியைத் தட்டி, வெட்டிப் பாத்துடறனுங்க" என்றேன்.

"இங்க வெட்டாதீங்க, மத்த செடிக்குப் பரவும்" என்றார். அது நியாயமான பேச்சு. சட்டியை ஷெட் வாசலிலிருந்து தள்ளி, குழாயடிக் கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவரும் குடையோடு பின்னால் வந்தார். மலையெல்லாம் மூடிக் கிடந்தது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் சட்டியைச் சாய்த்து மண்ணை உதிர்த்தேன். மண் ஈரமில்லாமல் பொலபொலவென்று கொட்டியது. வேரைப் பிடித்து நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளை, கெட்டி. "பாருங்க சார். தண்ணியால போனா முதல்ல வேர்தானுங்க போகணும். வேர் நல்லாத்தான் இருக்குது. போனது இங்க" என்று மண்ணுக்கு மேலே, தண்டு தொடங்குகிற கழுத்தைக் காட்டினேன். கழுத்தைச் சுற்றி மோதிரம்போல ஒரு பாசி வளையம், பிழிந்தால் தண்ணீர் சொட்டியது.

அந்தப் பாசி எப்படி வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மே மாதம் மலர்க் கண்காட்சிக்குப் போகிற சட்டிகளுக்கெல்லாம் மண் தெரியாமல் சோலைக்காட்டுப் பாசி பொதிந்து அலங்காரம் செய்வோம். ஓல்ட் மேன் முதல் பரிசு வாங்கினான். பரிசு வாங்கிய சட்டியைப் பிறகு ஒருவரும் கலைக்கக் கூடாது. ரிப்பன், அட்டை, பாசி எல்லாம் அப்படியே, வருகிறவர்கள் பார்க்க அந்தந்த ஷெட்டின் மழை படாத வாசல் படியில் வருஷம் முழுக்க நிற்கும். இது நர்சரியின் பழைய வழக்கம். ரோஜாவுக்கும் பிகோனியாவுக்கும் அது ஒன்றும் செய்யாது. கள்ளிக்கு? ஜூனில் தொடங்கிய மூடுபனியை மூன்று மாதம் குடித்துக் குடித்து, அந்தப் பாசி கழுத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெள்ளை முடி தொங்கி மூடியதில் கீழே தண்டு மஞ்சளானது வெளியே தெரியவில்லை.

பாசி வைக்கச் சொன்னது ஆஷ்லி. வைத்தது நான். எனக்குத் தெரியாமலா இருந்தது? கள்ளிக்குக் கழுத்து காய வேண்டும் என்று ஷெட்டில் எல்லோருக்கும் பாடம் நடத்துகிறவள் நான். ஆனாலும் அந்தச் சிவப்பு ரிப்பனைத் தொட மனசு வரவில்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவது பெருமையாக இருந்தது. அதை நினைக்க நினைக்க அவர் மேல் இருந்த கோபத்தைவிட என் மேல் இருந்தது கூடியது.

"சரி, வேர் நல்லாவே இருக்கட்டும். நடுவுல அழுகிருச்சே, இனி என்ன பண்ண முடியும்?" என்றார்.

"மேல இருக்கறது இன்னும் சாகலைங்களே."

தண்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். மெல்லிய கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, மெத்தென்று இருந்த இடத்துக்கு நாலு விரல் மேலே முதல் வெட்டு. உள்ளே கூழ். கத்தியைத் துடைத்து இன்னும் நாலு விரல் ஏறினேன். இந்தமுறை சதை நல்ல வெள்ளை, ஓரத்தில் பச்சை. தொட்டால் வெள்ளரிக்காய் மாதிரி கெட்டி.

"அட, பரவாயில்லையே. இதோட நிறுத்துங்க, இவ்வளவு நீளமாவது மிஞ்சட்டும்" என்றார் ஆஷ்லி.

எனக்கும் நிறுத்தத்தான் ஆசை. ஆனால் சதைக்கு நடுவில் ஒரு வளையம் உண்டு, செடி தண்ணீர் ஏற்றுகிற நரம்பு. அந்த வளையத்தில் துருப்பிடித்த ஆணித் தலைபோல ஏழெட்டுப் புள்ளிகள். சுற்றிலும் சதை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் சரி, அந்தப் புள்ளி ஒன்று இருந்தால் போதும், அழுகல் அதன் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பத்து நாளில் மிஞ்சியதும் கூழ்.

துடைத்தேன், வெட்டினேன். நாலு புள்ளி. துடைத்தேன், வெட்டினேன். ஒன்று. ஒவ்வொரு வில்லையும் எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியும். என் மகள் கெஸியா பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் ஒன்றில் போனது. அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் வெட்டினேன். ஆஷ்லி குடையை என் பக்கம் சாய்த்தார்.

கடைசி வெட்டில் வளையம் சுத்தமாக இருந்தது. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன், எந்தப் புள்ளியும் எழும்பவில்லை. கையில் மிஞ்சியது ஒரு சாண்.

"இதுக்கா இவ்வளவு?" என்றார். "இந்தப் பனியில வெட்டுவாய் எப்படிக் காயும்? இன்னொரு தடவை அழுகத்தான் போகுது. குழியில போட்டுட்டு வாங்க."

"குழிக்குப் போறதைத்தானுங்க நான் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றேன். அழுகிய வில்லைகளையும் பாசியையும் குழியில் கொட்டி மண் தள்ளினேன். கத்தியையும் கல்லையும் கழுவினேன். வெட்டின ஓரத்தைப் பென்சில் சீவுவதுபோல் சுற்றிலும் சாய்த்துச் சீவி, கந்தகத் தூளைத் தடவி, பையில் நட்டக்குத்தலாக வைத்து எங்கள் ஊருக்குப் போகிற எமரால்டு பஸ் ஏறினேன். அவர் தடுக்கவில்லை.

பனியில் காயாது என்று அவர் சொன்னது உண்மை. தேயிலைத் தோட்டத்து எங்கள் லைன் வீட்டில் துவைத்த துணியே நாலு நாளைக்கு ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் என் வீட்டுக்காரர் ரவிச்சந்திரன் தேயிலை ஃபாக்டரியில் பாய்லர்மேன். பாய்லருக்குப் பின்னால் விறகு காய அடுக்கும் கொட்டகையில் ஆகஸ்டிலும் ஈரம் அண்டாது. அங்கே மேல் பரணில், சூடு நேராக அடிக்காத மூலையில், வெறும் சட்டிக்குள் அதை நிமிர்த்தி நிறுத்தினோம். படுக்க வைத்தால் வளைந்துவிடும்.

"செத்ததைக் கொண்டாந்து என் தலைக்கு மேல வெச்சிருக்கற" என்று அவர் தினமும் சிரித்தார். ஆனால் ஷிஃப்ட் முடிந்து வரும்போது நான் கேட்காமலே, "இன்னைக்கும் கெட்டியாத்தான் இருக்குது" என்பார்.

நான் ரோஜாப் பாத்தியில் குனிந்திருந்தேன். கூட வேலை பார்க்கிற தெய்வம்மா, "ஒரு தடவை மன்னிப்புக் கேட்டா ஷெட்டைத் திருப்பிக் குடுத்துடுவாரு" என்றாள். செய்யாத தப்புக்கு எதற்குக் கேட்க வேண்டும் என்றேன். செய்த தப்பை அவளிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

ஆறு வாரத்தில் வெட்டுவாய் சுருங்கி, மரப்பட்டைபோல இறுகியது. ஆற்று மணலும் செங்கல் பொடியும் கரியும் கலந்து, சொட்டு ஈரமில்லாமல், அதன் மேல் உட்கார வைத்துப் பக்கத்தில் மூன்று குச்சி ஊன்றினேன். தண்ணீர் கிடையாது. இரண்டு மாதம் போனது. நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்ல அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை, கீழே இருந்து பிடித்துக்கொண்டது. மணலை ஓரமாக விலக்கினால் வெள்ளையாக வேர். அன்றைக்குத்தான் முதல் தண்ணீர், ஓரத்தில் ஒரு டம்ளர்.

மறுநாள் காலை சட்டியோடு ஆபீஸுக்குப் போய் ஆஷ்லி மேஜை மேல் வைத்தேன். உச்சியில் புதுசாக வெள்ளை முடி எழும்பியிருந்தது. அவர் சட்டியை மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். "நான் பிழைக்காதுன்னுதான் நெனைச்சேன்" என்றார். பிறகு, "சரி, இன்னைக்கே ஷெட்டுக்குப் போயிருங்க" என்றார்.

"போறனுங்க. அதுக்கு முன்னாடி ஐயாவுக்கு மெசேஜ் போடுங்க சார். செத்துருச்சுன்னு போட்ட அதே போன்ல போடுங்க. நான் படிக்கற மாதிரி தமிழ்ல போடுங்க."

"நான் பேசிக்கறேனே."

"நான் நிக்கறனுங்க" என்றேன். நின்றேன். சட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

போனை எடுத்தார். தமிழில் தட்ட அவருக்கு நேரமானது. செடி பிழைத்துவிட்டது என்று போட்டார். தண்ணீரால் அழுகவில்லை, கண்காட்சிக்கு வைத்த பாசியால் அழுகியது என்று போட்டார். பாசி வைக்கச் சொன்னது தான்தான் என்றும் போட்டார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. என் பக்கம் திருப்பிக் காட்டி, "போதுமா?" என்றார்.

படித்தேன். இத்தோடு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். மூன்று மாதம் குனிந்ததற்கு எல்லாமே கையில் கிடைத்தாயிற்று.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க சார். பாசியை எடுக்கணும்னு தெரிஞ்சும் எடுக்காம விட்டது நானுங்க. அதையும் போடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது எதுக்கு இந்துமதி? உங்க மேல தப்பில்லைன்னுதானே இப்ப எழுதறோம்."

"தப்பு இருக்குது. நீங்க சொன்ன தப்பு இல்லை, அவ்வளவுதான். என் பேரை முதல்ல போடுங்க, உங்க பேரு ரெண்டாவது இருக்கட்டும்."

அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தார்.