ஒரே ஒரு போன் இருந்தபோது

அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். நாலு புள்ளி எட்டை ஐந்து என்று எழுதச் சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவாள். செல்போன் கம்பெனியில் களச் சோதனைப் பொறியாளர். டவரே இல்லாத வெட்டவெளியில் சாதாரணப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, தலைக்கு மேலே போகிற செயற்கைக்கோள் பிடிக்கிறதா, பிடித்தால் எவ்வளவு என்று அளப்பதுதான் பிழைப்பு. இந்தப் பிழைப்பில் வாய் சாமர்த்தியத்துக்கு வேலையே இல்லை. அதனால்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

வாய் சாமர்த்தியம் முழுக்க எதிர் மேசையில் இருந்தது. அந்த மேசைக்காரியின் பெயர் சமாளி. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினோரு வருஷம். தராசின் மகள் காய்ச்சலில் படுத்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள் சமாளி. இப்போது அவள்தான் செயற்கைக்கோள் சேவைக்குத் தலைவி. தராசு அளந்து எழுதுகிற அறிக்கை அவள் கை வழியாகத்தான் வாடிக்கையாளருக்குப் போகும்.

இந்தச் சேவையில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள், கதவு போல விரிந்த பெரிய ஆன்டெனாவோடு, நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்தில் அலைவரிசை நழுவும். அது எவ்வளவு நழுவும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, திருத்தி, அது கீழே அனுப்புகிறது. நம்முடைய போனுக்கு ஒரு மாற்றமும் தேவையில்லை. பக்கத்துத் தெரு டவரோடு பேசுவதாகவே அது நினைத்துக்கொள்ளும். சில நிமிஷத்தில் அந்தச் செயற்கைக்கோள் மறைந்து அடுத்தது வரும். ஏமாற்றுவேலைதான், ஆனால் நல்ல ஏமாற்றுவேலை.

சிக்கல் வேறு இடத்தில். போன் கத்துவதே கால் வாட்டுக்கும் குறைவான சக்தியில். அது அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதே பெரிய காரியம். நடுவில் கூரையோ அடர்ந்த மரமோ வந்தால் போச்சு. இன்னொன்று, ஊருக்குள் ஒரு டவர் இரண்டு மூன்று தெருவுக்குச் சோறு போடும் என்றால், செயற்கைக்கோளின் ஒரு பீம், அதாவது அது கீழே பாய்ச்சும் ஒரு அலைக்கற்றை, ஐம்பது கிலோமீட்டர் அகலத்துக்குப் போட வேண்டும். பானை என்னவோ அதே அளவு. அந்த வட்டத்துக்குள் இருக்கிற எல்லாப் போனும் சேர்ந்து பகிர்ந்துகொள்ள மொத்தமே நொடிக்கு நாலைந்து மெகாபிட்தான்.

சோதனை நடந்தபோது சேவை மக்களுக்குத் திறக்கப்படவில்லை. பீமைப் பூட்டி வைத்திருந்தார்கள். சோதனை சிம் தவிர வேறெதுவும் உள்ளே நுழைய முடியாது. மொட்டைப் பாறை மேல், மேலே முழு வானம் தெரிய, ஒரே ஒரு போன். கீழே இறங்கியது நாலு புள்ளி இரண்டு மெகாபிட். வீடியோவில் சமாளியின் முகம் திக்கித் திக்கித் தெரிந்தது. தராசு அறிக்கை எழுதினாள். கடைசியில் மூன்று வரி சேர்த்தாள்: "பூட்டிய பீமில் ஒரே போன் இருந்தபோது கிடைத்த அளவு இது. ஆட்கள் கூடினால் இது பங்காகிக் காணாமல் போகும். மரங்களுக்கு அடியில் குறுஞ்செய்தியைக்கூட நம்ப வேண்டாம்." அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, சேவை எல்லோருக்கும் திறந்தாகிவிட்ட பிறகு, ஒரு திங்கட்கிழமை, பிரின்டரில் யாரோ மறந்துவிட்டுப் போன தாள்களில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். வனத்துறைக்கு அனுப்பிய அறிக்கையின் நகல். நாலு புள்ளி இரண்டு இருந்தது. கையெழுத்து இருந்தது. நடுவில் இருந்த மூன்று வரி மட்டும் இல்லை. அட்டையில் தடித்த எழுத்தில்: "காட்டின் எந்த மூலையிலும் வீடியோ அழைப்பு. இனி வயர்லெஸ் தேவையில்லை."

அந்தக் காட்டில் தீயணைப்புக் குழுவுக்குத் தலைவன் அவளுடைய தம்பி.

தாளை எடுத்துக்கொண்டு நேரே எதிர் மேசைக்குப் போனாள்.

"நான் எழுதின மூணு வரி எங்கடி?"

சமாளி தாளைப் பார்த்தாள். ஒரு நொடி முகம் வெளுத்தது. அப்புறம் வழக்கமான சிரிப்பு வந்தது. "கத்தாதே, உட்காரு. வடிவமைப்புக்காரன் இடம் பத்தலைன்னு எடுத்திருப்பான்."

"இடம் பத்தலையா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறே. அவங்க வயர்லெஸ்ஸ கழட்டிட்டாங்களா?"

"மலை மேல வயர்லெஸ்ஸ வாங்கி அனுப்புற ரிப்பீட்டர நிறுத்திட்டாங்க. கையில வச்சுப் பேசுற செட்டெல்லாம் ஸ்டோர்ல இருக்கு. எப்படியும் பழசு, பாக்க ஆளில்லன்னு அவங்களே புலம்பிக்கிட்டு இருந்தாங்க."

"என் தம்பி அங்க இருக்கான்."

"எனக்குத் தெரியாதா? எனக்கும் அவன் தம்பி மாதிரிதானே. இங்க பாரு, இன்னைக்குச் சாயங்காலமே திருத்தக் கடிதம் எழுதுறேன். இந்த வாரம் போயிடும். தீ சீசனுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுவரைக்கும் நீ வெளியில வாயத் திறக்காதே. அரைகுறையா விஷயம் போனா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். என்னை நம்பு."

நம்பினாள். பதினோரு வருஷப் பழக்கம், நம்பாமல் என்ன செய்வாள்? அன்று சாயங்காலம் பொதுக் கோப்பில் கடிதத்தின் முதல் பத்தி இருந்ததைக் கண்ணால் பார்த்தாள். நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமே என்று கூச்சம்.

தீ சீசன் கம்பெனியின் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. ஒன்பதாவது நாள், புதன்கிழமை மத்தியானம், காடு பற்றிக்கொண்டது. அடிவாரத்தில் இருந்த இரண்டு செல்போன் டவரும் கரண்ட் போய் அணைந்தன. அந்த வட்டாரத்துப் போன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வானத்தைத் தேட ஆரம்பித்தன.

கண்காணிப்பு அறைத் திரையில் தராசு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூவாயிரத்துச் சொச்சம் போன்கள், ஒரே பீம். எல்லாம் ஒரே கதவை ஒரே நேரத்தில் தட்டுகின்றன. தட்டல்கள் ஒன்றோடொன்று மோதி வீணாகின்றன. போன்கள் சற்றுப் பொறுத்து மறுபடி தட்டுகின்றன, மறுபடி மோதுகின்றன. தப்பித்தவறி உள்ளே நுழைந்தவர்களில் பாதிப் பேர் தீயைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பன்னிரண்டுக்குக் காற்று திசை மாறியது. வனத்துறைக் கட்டுப்பாட்டு அறை, தம்பியின் குழுவுக்குச் செய்தி அனுப்பியது: கிழக்குச் சரிவை விட்டு உடனே வெளியேறு. பள்ளத்தாக்கில், மரங்களுக்கு அடியில் இருந்த ஒன்பது பேருடைய போனும் பதில் சொல்லவில்லை. செய்தி வரிசையில் நின்றது. கட்டுப்பாட்டு அறைக்காரர் கம்பெனிக்கே போன் போட்டுக் கத்தினார். "வீடியோவே போகும்னீங்களே, ஒத்தை வரி போக மாட்டேங்குதே!"

"பொது ஜனங்க போனையெல்லாம் பூட்டிட்டா என்ன?" என்று அறையில் ஒருவன் கேட்டான். அந்தப் பொது ஜனமும் அதே தீக்குள்தான் இருந்தது. பூட்டினாலும் மரத்தை எப்படி நகர்த்துவது என்று தராசுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாற்பத்தொன்றுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அதற்குள் குழு தானாகவே புகைக்குள் வழி தேடி ஒரு பாறைவெளிக்கு வந்திருந்தது. வானம் தெரிந்ததும்தான் போன்கள் விழித்தன. வந்தவர்கள் எட்டுப் பேர். வண்டி ஓட்டுகிறவர் வரவில்லை. அவரை இழுத்துவரப் போன தம்பிக்கு இரண்டு கையும் வெந்துபோயிருந்தன.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் தராசு பொதுக் கோப்பைத் திறந்தாள். கடிதம் இருந்தது. அதே ஒரு பத்தி. கடைசியாகத் திருத்திய தேதி, அதே திங்கட்கிழமை. அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட பத்தி அது. அதற்குமேல் ஒரு எழுத்து நகரவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று எத்தனை தரம் வாயால் சொல்லியிருப்பாள். இப்போதுதான் கழுத்தில் கத்தி பட்டது.

"அனுப்பவே இல்ல."

சமாளி நாற்காலியிலிருந்து எழவில்லை. "இன்னும் ரெண்டு மாவட்டம் கையெழுத்துப் போட இருந்தாங்க. அது முடிஞ்சதும் அனுப்பலாம்னு..."

"ஒரு உசுரு போயிருச்சுடி."

"எனக்கு வலிக்கலைன்னு நினைக்கிறியா?" அவள் குரல் உடைந்தது. உடைந்தபடியே சொன்னாள்: "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவப்படாதே. நிர்வாகம் அறிக்கை விடப் போகுது. அளவு சோதனைப் பிரிவு கொடுத்ததுன்னு வரும். கீழ இருக்கிறது உன் கையெழுத்துதானே."

தராசு அவளை ஓங்கி அறைந்திருக்கலாம். கை எழவில்லை. காய்ச்சல் குழந்தைக்கு ஈரத்துணி போட்ட அதே கைகள் எதிரே மேசை மேல் இருந்தன. அதுதான் தாங்க முடியவில்லை. மூலக் கோப்பை, மூன்று வரியோடு, தீயை விசாரிக்கிற அதிகாரிக்கும் வனத்துறைக்கும் அங்கேயே நின்று அனுப்பினாள். வேலை போனால் போகட்டும்.

தம்பியின் படுக்கை சன்னலோரத்தில் இருந்தது. இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். வெட்டப்பட்ட வரி, பொய்க் கடிதம், பதினோரு வருஷ நட்பு. அழுதாள். "என்னை ஏமாத்திட்டாடா. கூட இருந்தே குழி பறிச்சிட்டா."

அவன் முழுக்கக் கேட்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "பசங்க வயர்லெஸ் செட்டைத் திருப்பிக் கொடுக்க மாட்டோம்னு சொன்னாங்கக்கா. வண்டிக்காரர்தான் ரொம்ப அடம் பிடிச்சாரு. நான் அறிக்கையில இருந்த உன் கையெழுத்தைக் காட்டினேன். எங்கக்கா ஒரு புள்ளிகூடக் கூட்டி எழுத மாட்டான்னேன்."

"அந்த வரிய அவதான்..."

"சரிக்கா. எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

எந்த எண்ணையும் கூட்டியோ குறைத்தோ அவளுக்குச் சொல்ல வராது.

"ஒன்பது நாளைக்கு முன்னாடி."

அவன் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலை மடக்கி நாள் எண்ண முடியாமல் உதடு மட்டும் அசைந்தது. பிறகு நிமிர்ந்தான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினியே அக்கா," என்றான். "நாப்பது நிமிஷம் பேசினோமே."