சும்மா கேட்டவர்

ஆஸ்பத்திரியின் அரட்டை உதவியாளரிடம் யார் என்ன கேட்டார்கள் என்று படித்துப் பார்ப்பதுதான் அவளுடைய வேலை. மனிதர்கள் தட்டச்சு செய்து கேட்பார்கள், இயந்திரம் பதில் சொல்லும். அந்த உரையாடல்கள் பெயரும் போன் எண்ணும் மறைக்கப்பட்டு, ஆளுக்கொரு மறை எண்ணோடு, ஒரு நாளைக்கு நானூறு என்ற கணக்கில் அவள் திரைக்கு வரும். ஒவ்வொன்றிலும் அவள் ஒரு முத்திரை குத்த வேண்டும். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு முத்திரையக்கா என்று பெயர்.

"நீ என்னென்ன செய்வே?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு இரண்டே முத்திரைகள். வேடிக்கை பார்க்க வந்தவர் என்றால் 'உலாவல்'. மனதில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு வந்தவர் என்றால் 'காரியம்'. இயந்திரம் இந்த முத்திரைகளைப் பார்த்துத்தான் பழகுகிறது. உலாவ வந்தவரிடம் தன் திறமைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிக் கலகலப்பாகப் பேசும். காரியத்தோடு வந்தவரிடம் சுருக்கமாகப் பேசி, என்ன வேண்டும் என்று கேட்கும். விதி ஒன்றுதான்: இரண்டு கேள்விக்குள் தன் காரியத்தைச் சொல்லாதவர் உலாவல். ஒரு உரையாடலுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

அன்று காலை டீம் லீடர் அவளிடம் வேறொரு பட்டியலைக் கொடுத்திருந்தார். திரும்பத் திரும்ப வந்தவர்களின் உரையாடல்களை ஆள்வாரியாகச் சேர்த்த பட்டியல் அது. வழக்கமாக எல்லாம் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு மாதிரி தனித்தனியாகத்தான் வரும். ஒரே ஆளின் மூன்று நாள் பேச்சை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்ப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை.

முதல் நாள் ஒருவர் கேட்டிருந்தார்: "வணக்கம். நீங்க என்னென்ன செய்வீங்க?" இயந்திரம் பதினான்கு வேலைகளை அடுக்கியது. ஆறு நிமிஷம் கழித்து அவர், "சரி" என்றார்.

இரண்டாம் நாள்: "படம் அனுப்பினா பாப்பீங்களா?" பார்க்கும் என்று சொல்லி, மறுபடியும் பட்டியல். படம் வரவில்லை.

மூன்றாம் நாள், அதாவது நேற்று: "மாத்திரை அட்டையில இருக்கிறதைப் படிக்கத் தெரியுமா?" இயந்திரம் உற்சாகமாக, "ஓ, தெரியுமே! விடுகதைகூடப் போடுவேன். ஒண்ணு சொல்லட்டுமா?" என்றது.

"வேண்டாம். நன்றி."

மூன்றின் மேலும் உலாவல் என்ற முத்திரை இருந்தது. மூன்றையும் குத்தியவள் அவள்தான்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். பாட்டுப் பாடுவியா, மழை வருமா, உனக்குக் கல்யாணம் ஆச்சா என்று காட்டில் விட்ட கன்றுக்குட்டி போல நாலா பக்கமும் ஓடுவார்கள். இவர் கேள்வி நாளுக்கு நாள் ஒடுங்கி, ஒரு மாத்திரை அட்டையில் வந்து நின்றிருக்கிறது. வந்த வழியையும் பார்த்தாள். மூன்று முறையும் டிஸ்சார்ஜ் சீட்டில் அச்சடித்த க்யூஆர் கோடு வழியாகத்தான் வந்திருக்கிறார். விளையாட வருகிறவர் கையில் டிஸ்சார்ஜ் சீட்டு எதற்கு?

'கடவுளே, நான் படிக்கவே இல்லையே, கேள்வியை எண்ணிக்கிட்டில்ல இருந்திருக்கேன்' என்று முணுமுணுத்தபடி டீம் லீடரிடம் ஓடினாள்.

"யாருன்னு நமக்குத் தெரியாதுக்கா. தெரியவும் கூடாது" என்றார் அவர். "ஒருவேளை சும்மாவே கேட்டிருந்தா?"

"சும்மா கேட்டவரா இருந்தா ஒரு போன் வரும், சிரிச்சிட்டு வச்சிடுவார். இல்லேன்னா?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஆஸ்பத்திரியில் அந்த மறை எண்ணைத் திறந்து பார்க்கும் அதிகாரம் உள்ள தலைமை நர்ஸுக்குத் தானே போன் போட்டு, ரிசீவரை அவளிடம் கொடுத்தார்.

"சிஸ்டர், இது என் ஊகம்தான். தப்பாவும் இருக்கலாம்."

"அம்மா, இங்க காலையிலேருந்து நாற்பது பேரைப் பார்த்தாச்சு. ஊகத்துக்கெல்லாம் போன் போட்டா நான் எப்போ வார்டுக்குப் போறது?" என்றார் சிஸ்டர். பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது. "சரி, எண்ணைச் சொல்லு. ஒரு போன்தானே."

முக்கால் மணி நேரம் கழித்து சிஸ்டர் கூப்பிட்டார். குரலில் கடுப்பு போயிருந்தது.

"அவரோட வீட்டுக்காரம்மாவுக்குக் காலில் ரத்தக்கட்டு. ரத்தம் உறையாம இருக்க நாம ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கோம். அதுக்கு முன்னாடி வேற டாக்டர் கொடுத்ததும் வீட்டுல இருக்கு. மருந்து ஒண்ணுதான், கம்பெனி வேற, பேர் வேற. பாவம் மனுஷன், ரெண்டையும் வேளை தவறாம கொடுத்திருக்கார். நாலு நாளா ஈறுல ரத்தம். இன்னிக்கு மலம் கறுப்பா போயிருக்கு, உள்ளே ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். உடனே கூட்டிட்டு வரச் சொல்லி ஆம்புலன்ஸ் அனுப்பியாச்சு."

"அவர் ஏன் சிஸ்டர் நேரா கேக்கலை?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'அவங்க பெரிய பெரிய வேலையா சொல்லிக்கிட்டே போனாங்கம்மா, அதுல என் சந்தேகம் இல்லை. ரெண்டு மாத்திரையும் ஒண்ணான்னு போய்க் கேட்டா சிரிப்பாங்களோன்னு விட்டுட்டேன்'கிறார்."

அவள் ரிசீவரை வைத்தாள்.

மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே இருந்தாள். டீம் லீடர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "விதி நான் எழுதினதுக்கா. நீங்க மட்டும் சுமக்காதீங்க. ஆனா இனிமே வர்ற எல்லார்கிட்டயும் 'உங்க பிரச்சினை என்ன'ன்னு கேட்கவும் முடியாது. போன வருஷம் அப்படி வச்சுப் பார்த்தோம், ஞாபகம் இருக்கா? எட்டிப் பார்த்தவங்கெல்லாம் போலீஸ்காரரைக் கண்ட மாதிரி ஓடிட்டாங்க."

"கேட்க வேண்டாம். பதினாலு வேலையைச் சொல்லாம மூணு சொல்லட்டும். கடைசியில, கேக்கச் சொல்லி ஒரு வரி. வேணும்னா பிடிச்சுக்கட்டும், வேண்டாம்னா தாண்டிப் போகட்டும். அப்புறம் எனக்கு மூணாவதா ஒரு முத்திரை வேணும்."

"என்னன்னு?"

"தெரியவில்லைன்னு."

"அதுலேருந்து மிஷின் என்னக்கா கத்துக்கும்?"

"நமக்குத் தெரியலைங்கிறதையே கத்துக்கட்டும். தெரியாத ஆளுக்கு விடுகதை போடாம இருந்தா போதும்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். மாலைக்குள் மூன்றாவது முத்திரை அவள் திரையில் வந்துவிட்டது. பழைய உலாவல்களை ஆள்வாரியாகச் சேர்த்து மறுபடி எடுத்தாள். ஆயிரத்துக்கு மேல் இருந்தன. பெரும்பாலும் கன்றுக்குட்டிகள்தான். ஆனால் அங்கங்கே ஒரு "சரி", ஒரு "நன்றி", அதன்பின் ஒன்றுமில்லை. எத்தனையோ பேர் வாசல்வரை வந்து கதவைத் தட்டாமலே போயிருக்கிறார்கள். மாதக்கணக்கில் பழசான அந்த எண்களையும் தனியே குறித்து சிஸ்டருக்கு அனுப்பினாள். சில வீடுகளுக்கு அது தாமதமான போனாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கிளம்புகிற நேரத்தில் சிஸ்டர் மறுபடி கூப்பிட்டார். "ரத்தம் ஏத்திட்டு இருக்கோம். இப்போ எதுவும் சொல்ல முடியாது. பிரார்த்தனை பண்ணிக்கோ."

"அவர்?"

"வாசல்ல உட்கார்ந்திருக்கார். உன்னைப் பத்திச் சொன்னேன். அவருக்கு உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம். இனிமே ஏதாவது சின்னதா சந்தேகம்னா அதுல கேக்கலாமா, அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்களேன்னு."

"கேக்கலாம்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.

பையை மறுபடி மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கடைசி வரியை எழுதும் பொறுப்பு அவளுடையது. நாலைந்து விதமாக எழுதி அழித்தாள். பிறகு, வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் பக்கத்தில் தானும் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினாள்:

"சும்மா பார்க்க வந்திருந்தாலும் சந்தோஷம். மனசில் ஏதாவது இருந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கேளுங்கள்."