மருமகனுக்கு மரியாதை கற்றுக் கொடுத்தேன்

தப்பு என்னுடையதுதான். நான் வீட்டுக்குப் போய்த் தமிழ் சொல்லித்தரும் அந்த மருமகனுக்கு மரியாதை விகுதியை மட்டும் கற்றுக் கொடுத்தேன். வேற்று மொழிக்காரர், நாற்பது வயது, மனைவி இறந்து ஐந்து மாதம். வீட்டில் மிஞ்சியது நாலு வயது மகளும் தமிழைத் தவிர வேறு மொழி அறியாத மாமியாரும். யாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாமே என்று, “எல்லாருக்கும் ‘ஆங்க’ போடுங்க, வம்பில்ல” என்றேன். சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்த பெயர் ஜாக்கிரதை.

வியாழக்கிழமை பாடத்துக்குப் போனபோது மாமியார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மகன் வீட்டுக்கு, ஒரேயடியாக.

“என்னம்மா ஆச்சு?”

“எம் பொண்ணப் பத்திப் பேசினா ‘அவங்க சிரிச்சாங்க, அவங்க போயிட்டாங்க’ங்கிறாரு. குழந்தையக்கூட ‘சாப்பிட்டாங்க’ளாம்! ஏதோ விருந்தாளியப் பேசுற மாதிரி. பாசமே இல்லாத மனுஷன்கிட்ட நான் எதுக்கு இருக்கணும், டீச்சர்?”

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் மருமகன் முன் தாளை விரித்தேன்.

“ஆம்பளைன்னா வந்தான், பொம்பளைன்னா வந்தா. மரியாதையா ஒரு ஆணுன்னா வந்தாரு. மரியாதையா ஒரு பொண்ணுன்னாலும், பல பேருன்னாலும் வந்தாங்க. மாடு, மழை, பஸ் எல்லாம் வந்துச்சு. குழந்தையையும் செல்லமா ‘வந்துச்சு’ன்னு சொல்லுவோம். நான் வந்தேன், நீ வந்தே, நீங்க வந்தீங்க.”

“அத்தைக்கு?”

“அவங்ககிட்ட ‘வந்தீங்க’, அவங்களப் பத்தி ‘வந்தாங்க’. அது அப்படியே இருக்கட்டும்.”

“என் மனைவிக்கு?”

“போயிட்டா.”

அவர் பேனாவைத் தொடவில்லை. சொன்னார்: “இது கஷ்டம். ‘போயிட்டாங்க’ யாரோ. ‘போயிட்டா’... அவ.”

அதற்கு மேல் அன்று பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை மனசு கேட்காமல் போனேன். வாசலில் மகன் காரோடு காத்திருந்தான். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமியார் முன்னால் அவர் போய் நின்றார். குழந்தை அவர் தோளில் தூங்கியது.

“அத்தை. பாப்பா ராத்திரி அழுதுச்சு. நானும் அழுதேன். அவ போயிட்டா, அத்தை. நீங்க போகாதீங்க.”

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஐந்து மாதமாக மருமகன் முன்னால் அழாதவர் ஓவென்று அழுதார்.

“ஆமாடா,” என்றார். “போயிட்டாடா.”

ஆனாலும் போனார். மகன் வேலைக்கு லீவு போட்டு வந்து காத்திருக்கிறான், அங்கே அறை ஒழித்தாகிவிட்டது, சொன்ன சொல்லை மாற்ற அவருக்கு வராது. குழந்தையின் காலை ஒருமுறை தொட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

கார் தெருமுனையில் திரும்பியதும் மருமகன் என்னிடம் கேட்டார், “அத்தை ‘டா’ சொன்னாங்க. கோபமா?”

“இல்ல,” என்றேன். “பெத்த பிள்ளைகிட்டதான் அப்படிப் பேசுவாங்க.”

அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான் ஐந்து மாதம் முன்பே கற்றுக் கொடுத்திருக்கலாம்.