மெர்ஸி சொல்லக் கூடாத வீடு

கடிதம் வந்தது சனிக்கிழமை மத்தியானம். ஞாயிறு மாலை வரை அமுதா அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தாள். அலமாரியில் வைப்பாள், எடுப்பாள், வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பாள். எப்படித் திருப்பினாலும் அது பிரெஞ்சுதான்.

அனுப்பியவள் மனோன். லியோன் நகரத்தில் துணி வடிவமைப்பு படிக்கிற இருபத்தொரு வயதுப் பெண். பட்டில் ஜக்கார்டு தறி போடும் பூ எப்படி ஏறுகிறது என்று பார்க்க ஆரணிக்கு வந்து, மூன்று வாரம் அமுதா வீட்டில் தங்கியிருந்தாள். அமுதாவின் கணவர் ஜெயக்குமாருக்குச் சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் போடுகிற வேலை. அமுதா வீட்டிலேயே முந்தானைக்குக் குஞ்சம் முடிவாள். தெருவில் யாருக்கும் மனோன் என்று நிறுத்திக் கூப்பிட வாய் வரவில்லை. இரண்டே நாளில் அவள் மனோன்மணி ஆகிவிட்டாள்.

நல்ல பெண். ஒரே ஒரு வியாதி, நன்றி வியாதி. தண்ணீர் கொடுத்தால் மெர்ஸி, துண்டு கொடுத்தால் தேங்க்ஸ், தோசை போட்டால் நன்றி. ஒரு வேளைக்கு மூன்று பாஷையில் மூன்று தடவை. பெற்ற பிள்ளைக்குச் சோறு போட்டு நன்றி வாங்குகிற அம்மா எந்த ஊரில் இருக்கிறாள்? மூன்றாம் நாள் அமுதாவுக்குப் பொறுக்கவில்லை. தோசைக் கரண்டியை நீட்டிச் சொல்லிவிட்டாள்: "நோ தேங்க்ஸ் இன் திஸ் ஹவுஸ்! இன்னொரு தபா சொன்னே, சோறு கட்!"

சொன்னது பிரியத்தில்தான். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. கரண்டியையே பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கப்புறம் பதினெட்டு நாள், அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

போகிற நாளன்றுதான் வினை. கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும் என்று அமுதா அதற்கு முந்தைய வாரமே சொல்லிக்கொடுத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் புறப்பட்டது. மனோன் ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். போயிட்டு வரேனும் இல்லை, ஒன்றும் இல்லை. பஸ் போய்விட்டது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று வாட்ஸப்பில் கேட்டதற்கு, 'சேர்ந்தேன், நலம்' என்று ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை வந்தது.

நன்றி சொல்லாதே என்று கத்தியவளும் அமுதாதான், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று மூன்று வாரமாக உள்ளுக்குள் புழுங்கியவளும் அமுதாதான். மனுஷ மனசு அப்படித்தான். அந்தப் பெண்ணைக் கரண்டியால் அடித்த மாதிரி பேசிவிட்டோமோ என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

இப்போது கடிதம். ஜெயக்குமார் தன் போன் கேமராவை அதன் மேல் பிடித்தார். அச்செழுத்தாக இருந்தால் படித்துவிடும். இதுவோ ஒன்றோடொன்று கோத்த கையெழுத்து, எழுத்துக்கெழுத்து சுழி. போன் தடவித் தடவி நாலைந்து சொல்லைத்தான் துப்பியது: 'நீங்கள் தடை', 'உங்கள் வீட்டில்', 'கீழ்ப்படிந்தேன்'.

"தடையா?" என்றாள் அமுதா.

"மெஷினு எதையாவது உளறிகினு இருக்கும், உடு," என்றார் ஜெயக்குமார்.

"கீழ்ப்படிந்தேன்னு உளறுமா? புகார் எழுதிகிறா. இன்னும் யாருக்கு எழுதி வெச்சாளோ!"

விடை தெரியாமல் அவளுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் நான்கு மணிக்கு, மூன்று வீடு தள்ளி இருந்த சிவசங்கரியைக் கையோடு அழைத்து வந்தாள். சிவசங்கரி பாண்டிச்சேரிப் பெண், ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டவள், பேங்கில் வேலை. பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள்.

"படிச்சு பத்து வருஷம் ஆவுதுக்கா. பாதி மறந்து போச்சு," என்றாள்.

"மீதி பாதியில படி. எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். திட்டிகிறாளா, இல்லையா?"

சிவசங்கரி கெட்டி அட்டையைப் பிரித்தாள். ஒரு பக்கம்தான், அதிலும் கீழ்ப்பாதி வெறுமை. ஒரு பார்வை பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, இது எங்க ஒன்பதாங்கிளாஸ் பாடம்!"

"இன்னாது?"

"தங்கின வீட்டுக்கு ஸ்டூடண்ட் எழுதற கடுதாசி. பரிட்சைக்கு வருஷா வருஷம் வரும். மனப்பாடம் பண்ணி வெச்சிருப்போம். அவங்க ஊர்ல இது ஒரு முறை. ஒருத்தர் வீட்ல தங்கிட்டு வந்தா, ஒரு வாரம் பத்து நாளைக்குள்ள கையால எழுதிப் போடணும். போடலைன்னா வளர்ப்பு சரியில்லைன்னு பேசுவாங்க. போன்ல முன்னாடியே எல்லாத்தையும் கொட்டிட்டா கடுதாசிக்கு இன்னா மிச்சம்? அதான் வாட்ஸப்புல ரெண்டே வார்த்தை போட்டிருப்பா."

அமுதாவுக்கு ஒரு பாரம் இறங்கி இன்னொரு பாரம் ஏறியது. திட்டவில்லை, சரி. ஆனால் பாடமா? மூன்று வாரம் சமைத்துப் போட்டதற்கு மனப்பாடப் பகுதியா?

"பத்து வரிதான் கீது," என்றாள் சுரத்தில்லாமல்.

"அதுவும் முறைதான். அரைப் பக்கத்துக்கு மேல போனா எங்க மிஸ் மார்க்கு கொறைப்பாங்க. சுருக்கமா, மனசுலர்ந்து."

"சுருக்கமா கீது. மனசு எங்க கீதுன்னு பாரு."

அமுதாவுக்கு இப்போது பயம் போய் ஆராய்ச்சி புத்தி வந்துவிட்டது. எது பாடம், எது மனோனுடையது என்று பிரித்துக் காட்டச் சொன்னாள். ஒரு வரி சொல், பாடத்தில் உண்டா இல்லையா சொல். சேலையில் எது அசல் ஜரிகை என்று உரசிப் பார்ப்பவளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

வலது மேல் மூலையில் 'லியோன், மார்ச் ஒன்பது'. ஊர் பேரும் தேதியும், பாடம். தபால் இந்தப் பக்கம் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் எழுதியதோ ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே. அதை அமுதா மனதில் குறித்துக்கொண்டாள்.

"ஷேர் அமுதா, ஷேர் ஜெயக்குமார். அன்புள்ளன்னு அர்த்தம். பாடத்துல 'அன்புள்ள மேடம், அன்புள்ள சார்'னு இருக்கும். இவ பேரைப் போட்டிருக்கா. ஆனா உள்ள 'நீங்க'ன்னுதான் எழுதறா. பேரும் சொல்லுவா, மரியாதையும் கொறைக்க மாட்டா."

"சரி, அதுல அரை மார்க்கு குடு. மேல படி."

"'நல்லபடியா வீடு வந்து சேர்ந்தேன்.' பாடம். 'இந்த மூணு வாரமும் என்னை உங்க வீட்ல ஏத்துக்கினதுக்கு முழு மனசோட நன்றி.' அச்சு அசல் பாடம்க்கா. ஒரு எழுத்து மாறலை."

அமுதா முகம் தொங்கிவிட்டது. சிவசங்கரி அதைக் கவனிக்கவில்லை. அவள் பாடத்தின் அடுத்த படிக்குப் போயிருந்தாள்.

"இப்ப ஒரு ஞாபகம் வரணும். எல்லாத்துக்கும் நன்றின்னு பொத்தாம் பொதுவா எழுதக் கூடாது, குறிப்பா ஒண்ணைச் சொல்லணும். அதுக்குத்தான் நெறைய மார்க்கு. நாங்க எல்லாரும் கடற்கரைக்குப் போனோம்னு எழுதுவோம், கடலைப் பார்க்காத பொண்ணுகூட." குனிந்து படித்தாள். நெற்றி சுருங்கியது. "பெத்தீத் காஸ்ரோல்... சின்னப் பாத்திரம். 'மிளகாத்தூள் போடறதுக்கு முன்னாடி, தினம் எனக்காக எடுத்து வெச்ச அந்தச் சின்னப் பாத்திரம். நான் பாக்கலைன்னு நீங்க நினைச்சீங்க. நான் தினமும் பாத்தேன்.' இன்னாக்கா இது?"

அமுதா அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்படி அலமாரியில் அந்தக் கிண்ணம் கவிழ்த்து வைத்திருந்தது. காலையில் குழம்பு கொதிக்கும்போது, காரம் சேர்ப்பதற்கு முன் ஒரு கரண்டி அதில் எடுத்து மூடி வைப்பாள். யாரிடமும் சொன்னதில்லை. ஜெயக்குமாருக்கே தெரியாது.

"இது பாடத்துல இல்லைக்கா," என்றாள் சிவசங்கரி மெதுவாக.

"எனுக்குத் தெரியும். மேல படி."

அடுத்த வரிகளைச் சிவசங்கரி உதடு அசைய இரண்டு தடவை படித்தாள். போன் துப்பிய சொற்கள் அங்கேதான் இருந்தன.

"'அமுதா, உங்க வீட்ல நன்றி சொல்லக் கூடாதுன்னு நீங்க தடை போட்டீங்க. நான் கீழ்ப்படிஞ்சேன். அதனால என் வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் காத்துகினு இருந்தேன்.'"

அமுதா பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே கண் நிறைந்தது.

"இன்னொரு வரி இருக்குக்கா. 'பஸ்ஸுல நான் ஒண்ணும் பேசலை. என் வாயில அந்த ஒரு வார்த்தைதான் இருந்துச்சு.'"

அவ்வளவுதான். அமுதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஜன்னலோரம் இறுக்கி மூடிய அந்த உதடு அவள் கண் முன்னால் நின்றது. கோபம் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். பாவிப் பெண், வாயைத் திறந்தால் வீட்டுக் கட்டளை உடைந்துவிடும் என்று மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு அமுதா வீடு இல்லை என்று அவளிடம் யார் சொல்வது?

சிவசங்கரி மிச்சத்தை முடித்தாள். லியோனுக்கு வந்தால் தன் அப்பா அம்மா வரவேற்கக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு வரி. அழைப்பு, அது பாடம்தான். கையெழுத்துக்கு மேலே ழ வூஸ் ஆம்ப்ராஸ்.

"கட்டிக்கிறேன், முத்தம் குடுக்கறேன்னு அர்த்தம். முடிக்கிற வார்த்தையை வெச்சே ஆளுக்கு எந்த இடம்னு சொல்லிடலாம்க்கா. ஆபீஸுக்குன்னா நீளமா மரியாதை வரும், பழக்கக்காரங்களுக்கு நட்புடன்னு வரும். இது சொந்தக்காரங்களுக்கும் நெருங்கினவங்களுக்கும்தான்."

"பதில் போடணுமா? மெர்ஸின்னா இன்னா சொல்லணும்?"

"த ரியான். ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

"ஒண்ணுமில்லையா!" அமுதா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இருபத்தோரு நாளு தனியா கொழம்பு எடுத்து வெச்சது ஒண்ணுமில்லையா? அத்தெல்லாம் நான் சொல்ல மாட்டேன்."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்து நிமிர்த்தி வைத்து, போனில் படம் பிடித்தாள். ஒரு சொல் சேர்க்காமல் மனோனுக்கு அனுப்பினாள். லியோனில் அப்போது மத்தியானம். சிவசங்கரிக்குக் காபி கலந்து, அவள் பாதி குடிப்பதற்குள் போனில் பதில் வந்தது.

தமிழ் எழுத்து. ஒவ்வொன்றாகத் தேடித் தட்டியிருக்க வேண்டும். இதைப் படிக்க அமுதாவுக்கு யாரும் தேவைப்படவில்லை.

'போயிட்டு வரேன்.'

அமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'போயிட்டு வா' என்று தட்டினாள்.