காலி வயிறு என்று சொன்ன வாய்

வீட்டுப் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்திருந்தும், ஸ்கேனில் மருமகளின் கர்ப்பப்பை காலியாக இருந்தது. "ரொம்ப ஆரம்பமா இருக்கலாம், கலைஞ்சிருக்கலாம், கர்ப்பப்பைக்கு வெளிய தங்கியிருக்கலாம். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணும்" என்றார் டாக்டர். வீடு திரும்புவதற்குள் மாமியார் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு அனுப்பிவிட்டார்: "புள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலைக்கு டிமிக்கி குடுக்க இவ ஆடின நாடகம்."

மருமகள் மறுபடி ரத்தம் கொடுத்தாள். இரண்டு நாளில் கர்ப்ப ஹார்மோன் அளவு தொள்ளாயிரத்திலிருந்து ஆயிரத்து நூறுக்குத்தான் ஏறியிருந்தது; நல்ல கர்ப்பமென்றால் இன்னும் வேகமாக ஏறும். மறு ஸ்கேனில் கரு இடது கருக்குழாயில் தெரிந்தது. குழாய் வெடிக்குமுன் கருவைக் கரைக்க ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர்.

"அய்யோ, என் கண்ணே" என்று மாமியார் தலையைத் தடவ வந்தார். மருமகள் அந்தக் கையை விலக்கிவிட்டு, போனை அவர் வாயருகே நீட்டினாள்.

"கொஞ்சுறது அப்புறம் அத்தை. புள்ள உண்டாகியிருந்தது நெஜம், நாடகம்னு நான் சொன்னதுதான் பொய்னு அதே குரூப்ல சொல்லுங்க."

"இந்த நேரத்துலயா?"

"இந்த நேரத்துலதான்."

மாமியார் முனகினார்.

"சத்தமா. பெரியத்தைக்குக் காது மந்தம்."

இரண்டாம் முறை மாமியாரின் குரல் உடைந்தது. அதை முழுவதும் கேட்டுப் பார்த்து அனுப்பிய பிறகு, "இவங்கள வெளிய நிக்கச் சொல்லுங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, மருமகள் ஊசிக்காகத் திரும்பிப் படுத்தாள்.