பலகையில் எழுதிய பதவி

தபால் பையைக் கவிழ்த்ததும் முதலில் விழுந்தது அந்த உறைதான். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் நல்லதம்பி அதைச் சட்டென்று கையில் எடுத்தான்.

பழுப்பு நிற ரிஜிஸ்தர் உறை. அதன் மேல், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல், வட்டம் வட்டமாகத் தமிழ் எழுத்து. "உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்" என்று தொடங்கி கம்பெனியின் பெயர், கொச்சி. குறுக்கே சிவப்பு மையில் யாரோ ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தார்கள். இப்படி ஓர் அதிகாரி இந்த ஆபீசில் இல்லை, அனுப்பியவருக்கே திருப்புக.

அனுப்பியவர் முத்துப்பேச்சி, ஆனைக்கல் எஸ்டேட், மூன்றாம் லயம்.

இன்று தேதி இருபத்தைந்து. நாளைக்கு அவளுடைய கெடு முடிகிறது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில், தராசு தனக்கு மட்டும் குறைத்துக் காட்டுகிறது என்று முத்துப்பேச்சி சத்தம் போட்டாள். கூடையால் தன்னை அடித்தாள் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தார். விசாரணை நடந்தது, ஐந்தாம் தேதி வேலை நீக்க உத்தரவு வந்தது. இருபத்தொரு நாளுக்குள் அசோசியேட் டைரக்டருக்கு அப்பீல் செய்யலாம், செய்யாவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவின் அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதை அவளுக்குப் படித்துச் சொன்னவனும் நல்லதம்பிதான். "பெரிய ஆபீஸ்ல டைரக்டருக்கு அடுத்தவர். பேரு நம்ம போர்டுலயே இருக்கு, பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினான்.

அவளும் பார்த்தாள். காலையில் ஆள் எண்ணும் மஸ்டர் கூடும் இடத்தில் அந்தப் பலகைக்கு முன்னால் அரைமணி நேரம் நின்று, சிகரெட் அட்டையில் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு போனாள். எஸ்டேட்டில் எல்லாரும் அப்படித்தான். பலகையில் இருப்பது ஆபீஸே எழுதியது, அதை மாற்றி எழுதினால் மனு செல்லாது என்று ஒரு நம்பிக்கை.

அந்தப் பலகையை எழுதியவன் நல்லதம்பி.

மூன்று மாதம் முன்பு தலைமை ஆபீசிலிருந்து ஓர் அட்டவணை வந்தது. யாருக்கு மேல் யார், யாரிடம் யார் போய் நிற்பது என்று கட்டம் கட்டமாக. தொழிலாளிகளுக்குப் புரியும் பாஷையில் பலகை வைக்கச் சொல்லி உத்தரவு. ஹெட் கிளார்க் ஏசுதாஸ் அப்போதே சொன்னார்.

"தம்பி, நம்ம ஆளுக பீல்டாபீசரை பீல்டாபீசர்னுதான் கூப்பிடுதாக. அப்படியே சத்தத்தை எழுதிட்டுப் போ. நீ என்னத்துக்கு வம்பை விலைக்கு வாங்குதே?"

"தமிழ்ப் பலகைனு சொல்லிட்டு இங்கிலீஷை எழுதினா கேவலமா இருக்குங்க, சார்."

"உனக்குக் கேவலம். தலையில கூடையைச் சுமக்கவங்களுக்கு என்ன?"

நல்லதம்பி கேட்கவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழாக்கினான். அசோசியேட் டைரக்டர் 'இணை இயக்குநர்' ஆனார். தன் கட்டத்தில்கூட 'இளநிலை எழுத்தர்' என்று போட்டுக்கொண்டான். பலகை ஏறிய அன்று தூரத்தில் நின்று மூன்று தரம் பார்த்தான்.

இப்போது அந்தப் பெயர்தான் உறை மேல் திரும்பி வந்திருந்தது. அவனுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. நவம்பரில்தான் மேனேஜர் எழுதிக் கொடுக்க வேண்டும். உறையை மேசை இழுப்பறையில் தள்ளி மூடினான். பேசாமல் வேறு உறையில் போட்டு, ஆங்கிலத்தில் டைப் அடித்து அனுப்பிவிட்டால்? தபாலில் போனால் மூன்று நாள். கெடு தாண்டிவிடும். புது உறையில் இன்றைய முத்திரைதான் விழும். அவள் பதினைந்தாம் தேதியே அனுப்பினாள் என்பதற்கு அந்தச் சிவப்புக் கிறுக்கல் விழுந்த உறை ஒன்றுதான் சாட்சி. அதைக் காட்டினால், அதை எழுத வைத்த பலகையையும் காட்ட வேண்டும்.

ஜன்னலில் நிழல் ஆடியது. சாக்கைத் தலையில் போர்த்தியபடி முத்துப்பேச்சி நின்றாள்.

"கிளார்க்கய்யா, பதில் ஏதும் வந்துச்சா?"

"இன்னும்... பையைப் பிரிக்கல."

அவள் கவிழ்ந்து கிடந்த பையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்குக் கெடுல்ல. ரெண்டு பிள்ளையையும் கூட்டிக்கிட்டு போடிமெட்டு எறங்கி ஊருக்குப் போகணும்னா சட்டி பானையைக் கட்ட இன்னைக்கே ஆரம்பிக்கணும். அதான் கேட்டேன். நான் எழுத்தெல்லாம் சரியாத்தான் பாத்து எழுதுனேன், அய்யா. ஒண்ணுவிடாம."

"சரியாத்தான் எழுதியிருப்பீங்க" என்றான்.

அவள் போனதும் ஏசுதாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். "இழுப்பறையில என்னலே வச்சே? வைக்கயிலேயே சிவப்பு மை இங்க வரைக்கும் தெரிஞ்சுது."

நல்லதம்பி எடுத்துக் கொடுத்தான். அவர் முன்னும் பின்னும் திருப்பினார். "கம்பெனி பேரைப் பாத்து வாங்கியிருப்பானுக. யாரோ தமிழ் தெரிஞ்சவன் வாசிச்சிருப்பான். அவங்க லிஸ்டுல அந்தப் பதவியே கெடையாது. பிரிச்சா வம்புனு திருப்பிட்டானுக." உறையைத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு மணிக்குத் தேயிலை லாரி கொச்சிக்குப் போகுது. டிரைவர் கந்தப்பன்ட்ட குடுத்தா காலையில அந்த ஆபீஸ் வாசல்ல நிப்பான். ஆனா மேனேஜர் தொரை கையெழுத்து இல்லாம அவன் வாங்க மாட்டான்."

"நீங்க வந்து சொல்லுங்களேன், சார்."

"பலகை எழுதுனது நானாலே?"

மேனேஜர் அறைக்குப் பதினெட்டுப் படி. பத்தாவது படியில் நல்லதம்பி நின்றுவிட்டான். இழுப்பறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. திரும்பிப் போய் உறையை அதிலேயே போட்டுப் பூட்டிவிடலாம். யாருக்குத் தெரியும்? ஏசுதாஸ் வாயைத் திறக்க மாட்டார். கீழே மூன்றாம் லயத்துப் பக்கம் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் பனிமூட்டத்துக்குள்ளிருந்து கேட்டது. அவள்தானோ? தெரியவில்லை. அந்தச் சத்தம் நிற்கவும் இல்லை.

மீதி எட்டுப் படியை அவன் எப்படி ஏறினான் என்று அவனுக்கே நினைவில்லை.

மேனேஜர் உறையை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். முத்திரைத் தேதியை விரலால் தொட்டார்.

"போர்டு யார் எழுதியது?"

"நான்தான், சார். தலைமை ஆபீசுக்குக் காட்டாம எழுதிட்டேன்."

"ஏசுதாஸ் வேண்டாம்னு பறஞ்சாரா?" மலையாளம் கலந்து கேட்டார்.

பொய் நாக்கு நுனிக்கு வந்தது. "சொன்னாரு, சார். நான் கேக்கல."

மேனேஜர் சுவரைப் பார்த்தார். கடிகாரம் ஒன்றரை காட்டியது.

"டைப் அடி" என்றார். "முதல் லெட்டர். அப்பீல் பதினைந்தாம் தேதி அனுப்பியது, கெடுவுக்குள். பதவியின் பெயர் எஸ்டேட் போர்டில் உள்ளபடி எழுதப்பட்டது. தவறு தொழிலாளியுடையது அல்ல. ரெண்டாவது லெட்டர்." உறையை மேசையில் வைத்தார். "அந்தத் தவறு செய்த கிளார்க்கின் பெயர், அவனைப் பற்றி தலைமை ஆபீஸ் முடிவு செய்யட்டும் என்று. அதையும் நீயே அடி."

தன் பெயரைத் தானே அடித்தான் நல்லதம்பி. இரண்டு இடத்தில் எழுத்து தப்பி, அழித்து மறுபடி அடித்தான். லாரி என்ஜின் உறுமும்போது உறையும் இரண்டு கடிதமும் கந்தப்பன் பைக்குள் போயின.

"நாளைக்குள்ள போர்டு மாறணும்" என்று மேல்படியிலிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார்.

மாலையில் அவன் பலகையின் முன்னால் பிரஷோடு உட்கார்ந்தான். 'அசோசியேட் டைரக்டர்' என்று தமிழ் எழுத்தில் போட்டான். அதன் அடியில் ஆங்கில எழுத்தில், உறைமேல் எழுத வேண்டியபடியே. அதற்கும் கீழே சின்னதாக, 'வேலை நீக்க அப்பீல் இவருக்கு.' அந்தக் கடைசி வரியை யாரும் எழுதச் சொல்லவில்லை.

பின்னால் ஈரச் சாக்கின் வாடை. முத்துப்பேச்சி நின்றிருந்தாள். நடந்ததை ஏசுதாஸ் சொல்லியிருக்க வேண்டும்.

"போய்ச் சேருமா, அய்யா?"

"சேரும். என்ன சொல்லுவாகன்னு தெரியல."

"ஒங்களையும் சேத்துத்தான் எழுதியிருக்காகளாமே."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் திட்டுவாள் என்று பயந்தான். அவள் கீழ்வரிசைக் கட்டம் ஒன்றை விரலால் காட்டினாள். "இது யாரு? இத்தனை நாளா இந்த ஆளை நான் பாத்ததே இல்ல."

இளநிலை எழுத்தர்.

நல்லதம்பி பிரஷைக் கறுப்பில் தோய்த்தான். பழைய எழுத்தை மூடிவிட்டு, 'கிளார்க்' என்று எழுதத் தொடங்கினான். அடுத்த வாரம் அந்தக் கட்டத்தில் யார் இருப்பார் என்று தெரியாது. முதல் எழுத்தின் கொக்கி நடுங்கிக் கோணிப் போனது.

"பயப்படாம எழுதுங்க, கிளார்க்கய்யா" என்றாள் முத்துப்பேச்சி. அவள் குரலும் நடுங்கிற்று.